அறக்கட்டளைக் கடைகளின் வாடகை: வரவுத் திட்டத்தில் எவ்வளவு எழுதலாம்?

மார்த்தாண்டம் பொருளாளர்:
எங்கள் அறக்கட்டளைக்குச் சாலையோரம் கீழே 8 கடைகளும் மாடியில் 4 கடைகளும் உள்ளன. மாத வாடகை கீழே 9,000 ரூபாய், மாடியில் 4,000 ரூபாய். ஆண்டுக்கு 10,56,000 வரும் என்று எழுதி, அதில் 9 லட்சத்தைக் கல்வி உதவிக்கு ஒதுக்க நிர்வாகக் குழு விரும்புகிறது. மாடியில் ஒரு கடை நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கிறது. பழைய பாக்கி 2,10,000 நிற்கிறது. எந்தத் தொகையை நம்பலாம்?

நாகர்கோவில் உறுப்பினர்:
மொத்தத்தில் 10 சதவீதத்தைக் கழித்துவிட்டு 9,50,000 என்று எழுதுங்கள். காலியும் பாக்கியும் அதற்குள் அடங்கிவிடும்.

தக்கலைக் கணக்கர்:
ஐயா, காலிக்கும் பாக்கிக்கும் காரணங்கள் வேறு என்பதால் இரண்டையும் ஒரே சதவீதத்தில் போட்டால் எது எங்கே கசிகிறது என்பது தெரியாமல் போகும். முதலில் காலியைக் கடை கடையாக எழுதுங்கள். பூட்டிய மாடிக்கடைக்கு 48,000 கழியும். கீழே ஆண்டுக்கு ஒரு கடை கைமாறி, அடுத்தவர் வரும் வரை 3 மாதம் சும்மா கிடக்கும் என்று வைத்தால் 27,000. மீதமுள்ள 9,81,000தான் உண்மையான கேட்பு, அதாவது குடியிருப்பவர்களிடம் கேட்டு வாங்க வேண்டிய வாடகை. வாராத வாடகையை இதன்மேல்தான் கணக்கிட வேண்டும். 10,56,000இன்மேல் கணக்கிட்டால் காலிக்கடைக்கும் சேர்த்து இருமுறை கழித்ததாகிவிடும்.

கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டில் மூன்று ஆண்டுகளை எடுத்து, அந்தந்த ஆண்டின் கேட்பில் அந்த ஆண்டுக்குள்ளேயே எவ்வளவு வந்தது என்று பாருங்கள். ஏப்ரலில் வந்த பணத்தைப் பழைய பாக்கியில் வரவு வைத்திருந்தால் அதைப் பிரித்தெடுங்கள். இல்லையென்றால் சதவீதம் தவறாக வரும். 6 சதவீதம் வாராமல் நின்றது என்று கொண்டால் 59,000 போக 9,22,000 கையில் வரும்.

கன்னியாகுமரி கடைக்காரர்:
எங்கள் பக்கம் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் சீசனில்தான் வியாபாரம். நான் சீசன் முடிந்ததும் மொத்தமாகக் கட்டிவிடுவேன். அதையும் பாக்கி என்று எழுதினால் வருத்தமாக இருக்கிறது, அண்ணாச்சி.

தக்கலைக் கணக்கர்:
உங்கள் நிலை வேறு. தைக்குள் வந்துவிடும் பணம் அந்த ஆண்டின் வசூலே; மாதவாரி வரவில் மட்டும் அதைத் தள்ளி எழுத வேண்டும். மார்ச் 31 தாண்டியும் நிற்பதையே நான் பாக்கி என்கிறேன்.

நாகர்கோவில் உறுப்பினர்:
கேட்பைக் குறைத்து எழுதினால் தராதவருக்கு அறக்கட்டளையே தள்ளுபடி கொடுத்தது போலாகாதா? மேலும் பாருங்கள், உங்கள் 9,22,000உடன் பழைய பாக்கியில் கொஞ்சம் சேர்த்தால் என் 9,50,000 வந்துவிடுகிறது.

தக்கலைக் கணக்கர்:
முதல் கேள்வி நியாயமானது. குடியிருக்கும் கடைகளின் கேட்பு பதிவேட்டில் முழுமையாகவே நிற்கட்டும். செலவுக்கு நம்பும் தொகையை மட்டும் வசூலிலிருந்து எடுங்கள். இரண்டாவது தற்செயல். பழைய பாக்கி ஒருமுறை வந்து தீர்ந்துவிடும், அடுத்த ஆண்டு அது இருக்காது. தவணையில் கட்டிக்கொண்டிருப்பவர்களின் பாக்கி எவ்வளவு?

மார்த்தாண்டம் பொருளாளர்:
மூன்று பேர் சேர்ந்து 90,000. மீதி 1,20,000 கடையை விட்டுப் போனவருடையது, வழக்கில் இருக்கிறது. பூட்டிய கடை மூலைக்கடை. ஜூன் மழையில் தளம் ஒழுகுவதால் யாரும் எடுப்பதில்லை.

தக்கலைக் கணக்கர்:
90,000இல் பாதியை, அதாவது 45,000ஐ மட்டும் எழுதுங்கள். வழக்குத் தொகை வரும்போது வரட்டும். ஆக வரவு 9,67,000. சொத்து வரி, காப்பீடு, பொது மின்கட்டணத்துக்கு 72,000, ஷட்டர், குழாய், வெள்ளையடிப்பு போன்றவற்றுக்கு 60,000 என்று வைத்தால் 8,35,000 நிற்கும்.

இனித் தளம். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்வதால் ஒழுகும் தளம் நன்றாகக் காய்வதற்கு இடைவெளி குறைவு; வேலையைக் கோடையில், மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும். 3 லட்சம் ஆகும் வேலைக்கு ஆண்டுக்கு 50,000 என 6 ஆண்டு ஒதுக்கினால் கல்வி உதவிக்கு 7,85,000 கிடைக்கும். வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்ற வருமானவரி விதிக்கும் இந்த 50,000 இடையூறு செய்யாது. அது மீதி 15 சதவீதத்துக்குள் அடங்கும்.

நாகர்கோவில் உறுப்பினர்:
6 ஆண்டு காத்திருந்தால் அந்தக் கடையில் மட்டும் 2,88,000 வாடகை போகும். கையிலுள்ள அட்வான்ஸ் தொகையை எடுத்து இப்போதே தளத்தைச் சரிசெய்யலாமே.

தக்கலைக் கணக்கர்:
அட்வான்ஸ் குடியிருப்பவரின் பணம். அவர் போகும்போது திருப்பித் தர வேண்டும் என்பதால் அது தனி வைப்பில்தான் இருக்க வேண்டும். ஆனால் வேலையை முன்னால் செய்ய வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். நீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் கீழ்க்கடைகளின் கூரையும் உதிரும்.

மார்த்தாண்டம் பொருளாளர்:
அப்படியானால் இந்த ஆண்டு கல்வி உதவியை 5,35,000 ஆகக் குறைத்து, தளத்தை முழுதாக முடிப்பதா, அல்லது மூலைக்கடையின் மேல் மட்டும் முதலில் செய்வதா என்று குழுவில் வைக்கிறேன். பிள்ளைகளின் உதவியைக் குறைக்க இருவர் நிச்சயம் எதிர்ப்பார்கள்.

தக்கலைக் கணக்கர்:
ஒரு மூலையை மட்டும் பூசினால், பழைய பூச்சும் புதிய பூச்சும் சேரும் இடத்தில் மறுபடி ஒழுகக்கூடும். எதை முடிவு செய்தாலும், முதலில் பொறியாளரைத் தளத்தில் ஏற்றிக் காட்டி, மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு குழுவுக்குப் போங்கள்.