பள்ளிக் குடிநீர், கழிப்பறை பற்றிய புகாருக்குப் பதில் இல்லை: மறுபடி எப்படி எழுதுவது?

கொருக்குப்பேட்டை அம்மா:
என் மகள் வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 6ஆம் வகுப்பு படிக்கிறாள். பிள்ளைகள் குடிக்கும் குழாயில் சாக்கடை வாடை வருகிறது. பெண் பிள்ளைகளுக்கான ஆறு கழிப்பறைகளில் நான்கு பூட்டிக் கிடக்கின்றன. மீதமுள்ள இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அங்கே போக வேண்டியிருக்குமே என்று அவள் பகலெல்லாம் தண்ணீரே குடிப்பதில்லை. 23.06.2025 அன்று தலைமை ஆசிரியரிடம் "குடிநீரும் கழிப்பறையும் மிக மோசமாக உள்ளன, ஆவன செய்யவும்" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரமாகியும் பதில் இல்லை. அடுத்து யாருக்கு, எப்படி எழுத வேண்டும்?

அண்ணாநகர் குமார்:
டிடிஎஸ் மீட்டர் வாங்கி அளந்து, அந்த எண்ணைப் புகாரில் எழுதுங்கள். எங்கள் குடியிருப்பில் 900 காட்டியதும் சங்கத்தார் உடனே ஆர்ஓ பொருத்தினார்கள். அப்படியே முதல்வரின் தனிப்பிரிவுக்கும் ஒரு மனு போட்டுவிடுங்கள்.

நீர்ப்பரிசோதகர் (ஓய்வு):
குமார் சொல்லும் மீட்டர் நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டுமே தவிர, கிருமியைக் காட்டாது. சாக்கடை கலந்த நீரும் அதில் 300 என்று நல்ல எண்ணாக வரலாம். வாடை வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது குளோரின். அதைச் சோதிக்கும் சிறு பெட்டி கடைகளில் கிடைக்கும். நீரில் சொட்டு மருந்து விட்டால் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்று, ஒரே காலையில் இரண்டு இடங்களில் பாருங்கள்: தெருக்குழாய் நீர் தொட்டிக்குள் விழும் இடம், பிள்ளைகள் குடிக்கும் குழாய். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். முதல் இடத்தில் மஞ்சளும் இரண்டாவதில் நிறமின்மையும் வந்தால், கோளாறு பெரும்பாலும் பள்ளியின் தரைத்தொட்டியிலோ மேல்தொட்டியிலோதான் இருக்கும்; இரண்டிலும் நிறம் வராவிட்டால் குடிநீர் வாரியத்துக்கும் எழுத வேண்டும். குளோரின் இல்லை என்பதாலேயே கிருமி இருக்கிறது என்று புகாரில் எழுதிவிடாதீர்கள். அதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அதுவும் அவர்கள் தரும் கிருமி நீக்கிய புட்டியில் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்தால்தான் முடிவு நிற்கும்.

பெரம்பூர் தந்தை:
எங்கள் பள்ளியில் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம், இரண்டே மாதத்தில் வேலை முடிந்தது. நீங்களும் குழுவைக் கூட்டச் சொல்லுங்கள்.

மேலாண்மைக் குழு முன்னாள் உறுப்பினர்:
பெரம்பூர் நண்பருடையது அரசுப் பள்ளியாக இருக்கும். உதவி பெறும் பள்ளியில் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் திருத்தம் வந்துவிட்டது. தீர்மானம் போடட்டும், அதில் தவறில்லை. ஆனால் அம்மா, உங்கள் மனு பள்ளிச் செயலர் பெயருக்குப் போக வேண்டும், நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. பாதுகாப்பான குடிநீரும் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது. 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப் புகார் கொடுத்தால், மூன்று மாதத்துக்குள் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நிறைவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு.

உங்கள் முதல் கடிதத்தில் எந்தக் கதவு, எந்தக் குழாய், என்றைக்கு என்ற விவரமே இல்லை. "ஆவன செய்யவும்" என்றால் "ஆவன செய்யப்படும்" என்றுதான் பதில் வரும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினீர்களா?

கொருக்குப்பேட்டை அம்மா:
வாங்கவில்லை, ஐயா. 10.07.2025 காலையில் சோதித்துப் பார்த்தேன்: தெருநீர் மஞ்சளானது, பிள்ளைகள் குடிக்கும் குழாய் நீர் நிறம் மாறவில்லை. தரைத்தொட்டியின் மூடி விரிசல் விட்டிருக்கிறது. அதற்கு மூன்றடி தள்ளிக் கழிப்பறைக் கழிவுநீர் தேங்கி நிற்கிறது. புதிய மனுவின் நடுப்பகுதி இது:

> தேதி: 14.07.2025
> பொருள்: தரைத்தொட்டியைச் சுத்தம் செய்து மூடியை மாற்றவும், பெண்கள் கழிப்பறையின் நான்கு கதவுகளைத் திறந்து சீரமைக்கவும் வேண்டுதல்.
> மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு, 23.06.2025 அன்று தலைமை ஆசிரியரிடம் அளித்த மனுவின் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். 10.07.2025 அன்று தெருக்குழாய் நீரில் குளோரின் இருந்ததையும், பிள்ளைகள் குடிக்கும் குழாயில் அது இல்லாததையும் கண்டேன். தொட்டி சீராகி, நீர் ஆய்வக முடிவு வரும்வரை அக்குழாயை மூடி மாற்றுக் குடிநீர் வழங்கவும், ஒவ்வொரு வேலையும் எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

நீர்ப்பரிசோதகர் (ஓய்வு):
மூடியை மாற்றினால் மட்டும் போதாது. தொட்டியின் சுவரில் விரிசல் இருந்தால் கழிவுநீர் ஊறி வந்துகொண்டேதான் இருக்கும். தொட்டியை முழுவதும் காலி செய்து உட்சுவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

கொருக்குப்பேட்டை அம்மா:
சேர்த்துக் கொடுத்தேன், இம்முறை நகலில் முத்திரையும் வாங்கிவிட்டேன். பத்து நாளில் இரண்டு கதவுகள் திறந்தன, தாழ்ப்பாளும் போட்டார்கள். குடிநீர்க் குழாய்க்குச் சாக்கு கட்டி, கேன் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். தொட்டியைத் திறந்து பார்க்க நிதி இல்லை என்கிறார் செயலர். 32ஆம் பிரிவுப் புகாரை இந்த வாரம் கொடுக்கிறேன்.