எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம்: 'கவுண்டர்' என்பதற்குத் தமிழ்ச்சொல்?

பள்ளி மலர்ப் பொறுப்பாசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பள்ளிச் சின்னத்தில் 'அறிவே ஆற்றல்' என்ற வாசகமும், வகுப்பு மலருக்கு 'முகிழ்' என்ற தலைப்பும் வர வேண்டும். மரபும் தெரிய வேண்டும், பழசாகவும் தோன்றக் கூடாது. சின்னத்தைத் தைப்பவர் "கவுண்டர் அடைத்துவிடும், வேறு எழுத்துரு கொடுங்கள்" என்கிறார். இதை மாணவர்களுக்குத் தமிழில் எப்படிச் சொல்வது?

கணினி ஆசிரியர்:
கவுண்டர் என்றால் 'எண்ணி' என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதே, அம்மா.

எழுத்துரு வடிவமைப்பாளர்:
அது எண்ணும் கருவிக்கான சொல், ஐயா. இங்கே கேட்பது கோடுகளுக்கு நடுவே அடைபடும் வெற்றிடம். அ, வ, ல மூன்றிலும் இடப்பக்கச் சுழிக்குள்ளே இருப்பது அதுதான்.

தைப்பவர் சொல்வது நியாயம். சின்னத்தில் வாசகம் வரும் நாடா 9 மி.மீ. உயரம் என்று வையுங்கள். மேலும் கீழும் ஒன்றரை மி.மீ. விட்டால் 6 மி.மீ. மிஞ்சும். 'றி'யின் கொக்கி மேலே ஏறும், 'ஆ'வின் சுழி கீழே இறங்கும். இரண்டுக்கும் இடம் விட்டபின் எழுத்தின் உடலுக்கு ஏறக்குறைய மூன்றரை மி.மீ. கிடைக்கும். அதில் 'அ'வின் சுழிக்குள் 1 மி.மீ. வெற்றிடம்கூடத் தேறாது. நூல் துணியில் சற்றே பரவும், அந்த இடம் தானாக அடைந்துபோகும்.

தமிழாசிரியர்:
அப்படியானால் 'சுழி' போதுமே. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று குழந்தைகளுக்குப் பழகிய சொல்தான். மரபுத் தோற்றம் வேண்டுமானால் மிகத் தடித்த எழுத்தாக எடுங்கள், தூரத்திலிருந்தும் தெரியும்.

எழுத்துரு வடிவமைப்பாளர்:
சுழி என்பது வளையும் கோடு, ஐயா. நமக்கு அந்தக் கோடு சூழ்ந்த இடத்துக்குப் பெயர் வேண்டும். தடிப்பு கூடினால் கோடு உள்பக்கமும் வளரும், இடம் குறையும். மரபைத் தருவது தடிப்பு அல்ல. ஒரே கோடு ஓரிடத்தில் பருத்து இன்னோரிடத்தில் மெலிவதுதான் பழைய அச்சுப் புத்தகத்தை நினைவூட்டுகிறது. ஆனால் மெல்லிய பகுதி தையலில் பிடிக்காது, அதனால் சின்னத்துக்கு அந்த வேறுபாட்டைக் குறைக்க வேண்டும்.

Noto Serif Tamil எழுத்துருவில் Medium எடையை எடுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து Path > Object to Path கொடுத்தால் எழுத்து வெறும் வடிவமாகிவிடும். ஒரே குழுவாக வரும் அதை Object மெனுவில் Ungroup கொடுத்துப் பிரியுங்கள். பிறகு Path > Outset கொடுத்து மெல்லிய கோடுகளைத் தடிப்பாக்குங்கள். இதைப் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கட்டளை சுழியின் உட்பக்கத்தையும் சுருக்கும். ஆகவே அ, வ, ல மூன்றிலும் உள்விளிம்பின் புள்ளிகளை இழுத்துச் சுழியைக் கையால் பெரிதாக்க வேண்டும். உண்மை அளவில் அச்சிட்டு, அந்தத் தாளை இரண்டு முறை நகலெடுங்கள். இரண்டாம் நகலில் 'வே' கருத்த பொட்டாகத் தெரிந்தால் இன்னும் திறக்க வேண்டும் என்று பொருள்.

அச்சக உரிமையாளர்:
எங்களிடம் வரும் ஒரு பள்ளி மலருக்கு 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை வைத்த 'லை' கேட்டார்கள். மரபுக்கு அதைவிட வேறென்ன? நீங்களும் அதையே போடலாம்.

எழுத்துரு வடிவமைப்பாளர்:
அந்தச் சீர்திருத்தம் மாற்றியது ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசைகள், ணை, லை, ளை, னை ஆகியவற்றை. 'அறிவே ஆற்றல்', 'முகிழ்' இரண்டிலும் அவற்றில் ஒன்றும் இல்லை. 'சோலை' என்று தலைப்பு இருந்திருந்தால் பேசலாம். அப்போதும் ஒருங்குறியில் பழைய வடிவுக்குத் தனி இடம் இல்லை. எழுத்துருவிலேயே அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரைய வேண்டும்.

தலைப்புக்குத் தையல் தொல்லை இல்லை. அட்டையில் ஒரே அளவில், பெரிதாக வரும். Tiro Tamil பொருத்தமாக இருக்கும், பருமை மெலிவு அழகாகத் தெரியும். வகுப்பும் ஆண்டும் Catamaran எழுத்துருவின் Light எடையில் சிறிதாகக் கீழே வரட்டும். சீரான கோடுள்ள எழுத்து பக்கத்தில் இருப்பதால்தான் மேலே உள்ளது புதிதாகத் தோன்றும். இரண்டு எழுத்துருவும் பழைய பாணியில் இருந்தால் கோவில் மலர் போலாகிவிடும்.

சொல்லுக்கு என் முன்மொழிவு 'கண்'. வலைக்கண், சல்லடைக்கண் என்கிறோமே. 'அகரத்தின் கண் அடைத்துவிட்டது' என்றால் தையல்காரருக்கும் புரியும்.

தமிழாசிரியர்:
சொல் அழகுதான். ஆனால் 'எழுத்தின்கண்' என்று எழுதினால் ஏழாம் வேற்றுமையாகப் படிப்பார்கள்.

பள்ளி மலர்ப் பொறுப்பாசிரியை:
'ப' மேலே திறந்திருக்கிறதே, அந்த இடமும் கண்தானா?

எழுத்துரு வடிவமைப்பாளர்:
நல்ல கேள்வி, அம்மா. ஆங்கிலத்தில் திறந்ததற்கும் மூடியதற்கும் ஒரே சொல்தான். திறந்ததைக் கண் என்பது எனக்கும் ஒட்டவில்லை. பொதுவுக்கு 'உள்வெளி', மூடியதற்கு மட்டும் 'கண்' என வைக்கலாமா?

கணினி ஆசிரியர்:
'உள்வெளி' என்றால் உள்ளும் வெளியும் என்று படித்துவிடுவார்களே. 'உள்ளிடம்'?

தமிழாசிரியர்:
உள்ளிடு, உள்ளீடு என்று கணினிச் சொற்கள் பக்கத்திலேயே நிற்கின்றன, குழப்பும். மூடியதற்குக் 'கண்' எனக்குச் சம்மதம், வேற்றுமை மயக்கம் வரும் இடத்தில் 'சுழிக்கண்' என்று சேர்த்து எழுதலாம். பொதுச்சொல்லை இன்னும் பேசுவோம்.

பள்ளி மலர்ப் பொறுப்பாசிரியை:
தையல்காரரிடம் நாளை 'சுழிக்கண்' என்றே சொல்லிப் பார்க்கிறேன். நாடாவை 11 மி.மீ. ஆக்க முடியுமா என்றும் கேட்கிறேன்.