புதுப்பிப்பு: ஐஈஎல்டிஎஸ் ரீடிங்கில் நேரம் போதவில்லை

என் பழைய கேள்வி: "60 நிமிடத்தில் 40 கேள்வி. மூன்றாவது பகுதிக்கு நேரமே மிஞ்சுவதில்லை. எதை முழுதாகப் படிப்பது, எதைத் தாவுவது?"

ஒருவர் ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரி போதும் என்றார். தலைப்பு பொருத்தும் கேள்விக்கு அது பாதிதான் உதவியது. இரண்டாம் வரி 'ஹவெவர்' என்று தொடங்கினால் பத்தியின் கருத்தே திரும்பிவிடுகிறது. அதனால் முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் பார்க்கிறேன்.

பயிற்சி மைய அக்கா சொன்னதுதான் பெரிய உதவி: ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்விகளுக்கான விடைகள், கேள்விகள் இருக்கும் அதே வரிசையில் பகுதியில் வரும். சூயஸ் கால்வாய் பற்றிய பயிற்சியில் 'முதல் ஆண்டே லாபம் வந்தது' என்று ஒரு கேள்வி. கால்வாய் திறந்த ஆண்டான 1869-ஐக் கண்ணால் தேடிப் பிடித்து, சுற்றியுள்ள வரிகளை மட்டும் நிதானமாகப் படித்தேன். கப்பல்கள் குறைவாக வந்தன என்றிருந்தது. லாபம், நட்டம் பற்றிப் பேச்சே இல்லை. அப்புறம் அடுத்த கேள்வியின் விடை வந்துவிட்டதால் நாட் கிவன் என்று குறித்தேன்.

இதே தேர்வின் இன்னொரு வகையான ஜெனரல் ட்ரெய்னிங் எழுதும் தம்பி, தனக்கு இப்படிக் கண்ணால் தேடுவது மட்டுமே போதும் என்கிறார். அவருடைய முதல் பிரிவு சின்னச் சின்ன அறிவிப்புகள், சரி. நான் எழுதும் அகாடமிக்கில் 'எந்தப் பத்தியில் இத்தகவல்' என்ற வகைக்கு வரிசையே கிடையாது. அதைக் கடைசியில் செய்கிறேன். இன்னும் அதில்தான் நேரம் போகிறது.