பொருள்: வெட்டியெடுத்த படத்தின் ஓரத்தில் தங்கும் பழைய நிறத்துக்குக் கலைச்சொல்

கயல்விழி, ஜோர்ஜ்டவுன்

அனைவருக்கும் வணக்கம்.

படத்தொகுப்புச் செயலியின் மெனுவைத் தமிழாக்கும்போது ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. இணைத்திருக்கும் மாதிரியைப் பாருங்கள். வெள்ளைச் சுவர் முன் நிற்கும் மாணவனைப் பின்னணி நீக்கி, பரிசளிப்பு விழாவுக்கான கருநீலப் படவில்லையில் வைத்திருக்கிறோம். தலைமுடியைச் சுற்றி நூல் பிடித்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. ஆங்கிலத்தில் ஃபிரிஞ்ச் என்கிறார்கள், சிலர் ஹேலோ என்கிறார்கள். பழைய வரைவில் இதற்கு ‘ஒளிவட்டம்’ என்று இருக்கிறது. சாமி படத்துக்குத்தான் அது பொருந்தும். வேறு சொல் வேண்டும்.

சரவணன், செந்தூல்

அது ஜேபெக் செய்கிற வேலை. கோப்பைச் சுருக்கும்போது ஓரம் மங்கிப்போகும், அந்த மங்கல்தான் வெள்ளையாகத் தெரிகிறது. பிஎன்ஜியில் சேமித்தால் போய்விடும். அதனால் ‘சுருக்கக்கறை’ என்று வைக்கலாம்.

இளங்கோ, பிரிக்ஃபீல்ட்ஸ்

சரவணன் சொல்வதில் பாதி சரி. ஜேபெக் ஓரத்து நிறத்தை இன்னும் கொஞ்சம் பரப்பிவிடும், உண்மைதான். ஒளிபுகும் பின்னணியை அதில் சேமிக்கவும் முடியாது, பிஎன்ஜி கட்டாயம். ஆனால் சுருக்கமே இல்லாத கோப்பிலும் இந்தக் கோடு வரும். பிக்சல் ஒவ்வொன்றும் ஒரு சிறு சதுரம். முடியின் ஓரம் அந்தச் சதுரத்தின் நடுவே போனால், கேமரா பாதி முடியையும் பாதி சுவரையும் கலந்து ஒரே நிறமாகப் பதிகிறது.

கயல்விழி அனுப்பிய படத்தையே கணக்குக்கு எடுப்போம், சிவப்பு அலைவரிசை மட்டும் போதும். முடி 30, சுவர் 240. பாதிக்குப் பாதி கலந்த பிக்சல் 135. கருவி அதைப் பாதி ஒளிபுகும்படி ஆக்குகிறது, நிறத்தைத் தொடுவதில்லை. படவில்லையின் மதிப்பு 20 என்றால் அங்கே தெரிவது 135-இல் பாதியும் 20-இல் பாதியும், அதாவது ஏறக்குறைய 78. சுத்தமான முடியாக இருந்தால் 25 வரவேண்டும். 25 இருக்கவேண்டிய இடத்தில் 78 இருந்தால் கண்ணில் குத்தாமல் என்ன செய்யும்? சுவர் போய்விட்டது, சுவரின் நிறம் பிக்சலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே எடுக்கிற கணக்கு இது:

```
F = (C - (1 - a) * B) / a
```

C படத்தில் உள்ள நிறம், B பழைய பின்னணி, a ஒளிபுகாமையின் அளவு. இங்கே 135-இலிருந்து 120 கழித்து 0.5-ஆல் வகுத்தால் 30, முடியின் சொந்த நிறம் திரும்பக் கிடைக்கிறது. a மிகச் சிறிதாக, 0.1 போல இருந்தால் படத்தின் இரைச்சலும் பத்து மடங்காகும். அந்த இடத்தில் கணக்கை நம்பாமல் பக்கத்துப் பிக்சலின் நிறத்தை இழுத்துக்கொள்வது நல்லது.

ஆகவே சொல் ‘வெள்ளை’யையும் ‘ஒளி’யையும் ஒட்டி அமையக்கூடாது. கறுப்புத் திரை முன் எடுத்த படத்தை மஞ்சள் படவில்லையில் வைத்தால் வருவது கருங்கோடு. என் பரிந்துரை: விளிம்பெச்சம்.

மங்கையர்க்கரசி, பட்டர்வொர்த்

எச்சம் என்றதும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பெயரெச்சம், வினையெச்சம் ஞாபகம் வரும். மற்றவர்களுக்குக் காக்காய் ஞாபகம் வரும். ‘ஓரக்கறை’ என்று யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன், வேட்டிக் கரையோடு குழம்பி ர, ற மாறிப் பாதிப் பேர் தவறாகத்தான் தட்டச்சு செய்வார்கள்.

சொல் இருக்கட்டும், எனக்கு வேலை நடக்கவேண்டும். ஓரத்தை ஃபெதர் செய்து பார்த்தேன், கோடு இன்னும் தடித்துவிட்டது. வெள்ளைப் பள்ளிச்சட்டையோ பாதி காணாமலே போகிறது.

குமரேசன், ஆயர் ஈத்தாம்

எனக்கும் இதே தேவை. பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னணியை வெள்ளையாக்க எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும்?

இளங்கோ, பிரிக்ஃபீல்ட்ஸ்

குமரேசன், உங்களுடையது தலைகீழ் வேலை. வெள்ளைச் சுவரில் எடுத்து வெள்ளையிலேயே வைத்தால் இந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது. தனி இழையாகக் கேளுங்கள்.

டீச்சர், ஃபெதர் செய்யும்போது ஓரம் வெளிப்பக்கமும் பரவுகிறது, அதனால் இன்னும் கொஞ்சம் சுவர் உள்ளே வந்துவிடுகிறது. சட்டைக்கும் முடிக்கும் ஒரே மருந்து கிடையாது, பிரித்துச் செய்யுங்கள்.

ஜிம்பில் படத்தின் அடுக்கை இரண்டாகப் படியெடுத்து, எல்லாவற்றுக்கும் அடியில் படவில்லையின் அதே கருநீலத்தை நிரப்பி ஓர் அடுக்கு வையுங்கள். சாம்பல் கட்டங்கள் மேல் பார்த்தால் வெள்ளைக்கோடு ஒளிந்துகொள்ளும், படவில்லையில் போட்ட பிறகுதான் காட்டிக்கொடுக்கும்.

உடம்புக்கு Paths கருவியால் கையாலேயே கோடு வரையுங்கள். சட்டையும் சுவரும் ஏறக்குறைய ஒரே நிறம், நிறத்தை நம்பித் தேர்ந்தெடுக்கும் எந்தக் கருவிக்கும் எல்லை தெரியாது. காலர் நிழலையும் தோளின் மெல்லிய சாம்பல் கோட்டையும் கண்ணால் பிடித்துப் போகவேண்டும். பாதையைத் தேர்வாக்கி Select > Shrink கொடுத்து ஒரு பிக்சல் உள்ளே இழுங்கள், பிறகு அந்தத் தேர்விலிருந்தே, படத்தின் இரண்டு படிகளில் கீழே உள்ளதற்கு மறைப்பு போடுங்கள். துணி ஓரம் கெட்டியானது, ஒரு பிக்சல் போனால் யாருக்கும் தெரியாது. முடியில் இதைச் செய்யாதீர்கள். ஓர் இழையே ஒன்றிரண்டு பிக்சல்தான், சுருக்கினால் மொட்டையாகிவிடும்.

முடிக்கு, மேலே உள்ள படியில் Colors > Color to Alpha. நிறத்தை முடிக்குப் பக்கத்துச் சுவரிலிருந்தே எடுங்கள், படத்தின் மூலையிலிருந்து வேண்டாம், அங்கே வெளிச்சம் வேறாக இருக்கும். மேலே எழுதிய கணக்கைத்தான் அது செய்கிறது. சுவரில் மங்கலான திட்டு மிச்சமிருந்தால் Transparency threshold அளவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். முகமும் லேசாக ஒளிபுகும், பயப்படவேண்டாம். முடிப்பகுதி மட்டும் தெரியும்படி மறைப்பு போட்டுவிட்டால் முகம் கீழ் அடுக்கிலிருந்து வரும்.

சரவணன், செந்தூல்

சரி, சுருக்கக்கறையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ‘ஒட்டுநிறம்’ எப்படி? பழைய பின்னணியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த நிறம். ‘ஒட்டுநிறம் நீக்கு’ மெனுவிலும் அடங்கும். பச்சைச் சுவர் பக்கம் நின்றால் சட்டைத்தோள் பச்சையடிக்கிறதே, அதற்கும் இதே சொல் போதும்.

இளங்கோ, பிரிக்ஃபீல்ட்ஸ்

ஒட்டுநிறம் எனக்குச் சம்மதம். ஆனால் பச்சைத்தோளை அதில் சேர்க்காதீர்கள். அது பிக்சலில் நடந்த கலப்பு இல்லை, சுவரில் பட்ட வெளிச்சம் உண்மையிலேயே துணிமேல் விழுந்திருக்கிறது. ஓரத்திலிருந்து இருபது முப்பது பிக்சல் உள்ளேயும் இருக்கும். அங்கே a முழுமையாக 1, மேலே உள்ள கணக்கில் 1 போட்டுப் பாருங்கள், நிறம் அப்படியே திரும்பி வரும். அதற்குப் பச்சையைத் தனியாகக் குறைக்கவேண்டும், அல்லது படம் எடுக்கும்போதே பிள்ளையைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நிறுத்தவேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ‘நீக்கு’ அழுத்தியும் தோள் பச்சையாகவே இருக்கிறதே என்று மடல் வரும். அதற்குத் ‘தெறிநிறம்’ என்கிறேன்.

மங்கையர்க்கரசி, பட்டர்வொர்த்

முடி சுத்தமாக வந்துவிட்டது, நன்றி ஐயா. காலரில் மட்டும் இன்னும் சிறு வெட்டு தெரிகிறது, பாதையைத் திரும்ப வரையவேண்டும். ‘தெறிநிறம்’ எனக்கு ஹோலி சாயம் மாதிரிக் கேட்கிறது. ‘படிநிறம்’ என்றால் என்ன?

கயல்விழி, ஜோர்ஜ்டவுன்

‘படி’ நகலையும் குறிக்கும், மெனுவில் ‘படியெடு’ ஏற்கெனவே இருக்கிறது. ‘ஒட்டுநிறம்’ பட்டியலில் ஏறிவிட்டது, விளக்கத்தில் கருங்கோட்டையும் சேர்க்கிறேன். அடுத்த வரி காலியாகவே இருக்கிறது. பச்சைத்தோள் படம் ஒன்று யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், அதைப் பார்த்துக்கொண்டே சொல் தேடலாம்.