புதுப்பிப்பு: சங்கீத ஆசிரியர் வெற்றிடம், அதிபருக்கு எழுதும் செய்தி

“வருச நடுவில சங்கீத ரீச்சருக்கு இடம் இருக்கோ எண்டு அதிபரிட்ட எப்பிடிக் கேக்கிறது?”

இந்தக் கேள்விக்கு வந்த பதில்களில ஓய்வுபெற்ற அதிபர் ஐயா ஒருத்தர் சொன்னதுதான் முக்கியம். நிரந்தர நியமனம் அதிபர் கையில இல்லை. “வேலை தாங்கோ” எண்டு எழுதினால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போகச் சொல்லுவார், அதோட கதை முடிஞ்சுது. அவருக்குத் தெரிஞ்சதைக் கேக்கவேணும்: ஆர் மகப்பேற்று விடுமுறையில, ஆர் மாறிப் போய்ப் பதிலுக்கு ஆள் வரேல்லை.

திருத்தின செய்தி:

“மதிப்பிற்குரிய அதிபர் அவர்கட்கு, நான் நுண்கலைமாணி (கர்நாடக சங்கீதம்). கிளிநொச்சியில் வசிக்கிறேன். தங்கள் பாடசாலையில் தரம் 6–11 சங்கீதப் பாடத்துக்கு இத்தவணை ஆசிரியர் இல்லாத வகுப்புகள் உண்டா? தற்காலிகமாகக் கற்பிக்க முடியும். சாதாரண தர செய்முறைப் பரீட்சைக்கும் பயிற்றுவிப்பேன். எந்த நாளில் நேரில் வரலாம்?”

தற்காலிகமாப் படிப்பிச்சால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் சம்பளம் தரும் எண்டு ஒரு தம்பி எழுதினார். காசுள்ள பாடசாலையில சரி; உள்ளூர்ச் சின்னப் பள்ளிக்கூடத்தில பஸ் காசுக்கே கஷ்டம். ஒப்புக்கொள்ள முன்னம் கேளுங்கோ. மன்னாரிலிருந்து இடமாற்றம் கேட்ட அக்கா, உங்கட விசயம் வேறை, அது வலயத்தினூடாகத்தான் போகவேணும்.

சித்திரத்துக்கும் இதே செய்தி பொருந்துமோ? அதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் எழுதேல்லை.