விருதுப் பலகை வாசகம்: கமெண்ட், லாட், அப்ளாட், அக்னாலெட்ஜ் – எதை முதலில் போடுவது? அவசரம்

கடைசிநிமிடம்:
எங்கள் அறக்கட்டளை ஒரு தன்னார்வலருக்கு விருது தருகிறது. பித்தளைப் பலகையில் ஆங்கில வாசகம், கீழே தமிழ். நாளை காலை பத்து மணிக்குள் கடையில் கொடுக்க வேண்டும். நான் எழுதியிருப்பது: ‘வி கமெண்ட், லாட், அப்ளாட் அண்ட் அக்னாலெட்ஜ்’, அப்புறம் அவர் பெயர், ‘ஃபார் ஹெர் செல்ஃப்லெஸ் சர்வீஸ்’. தலைவர் படித்துவிட்டு “வரிசை சரியில்லை” என்கிறார். எது முதலில் வர வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

வேலூர்க்காரன்:
கமெண்ட் முதலில் வராது நண்பரே. முதலில் லைக், அப்புறம்தான் கமெண்ட். எங்கள் தெருச் சங்கத்துப் பக்கத்தில் பாராட்டுப் பதிவு போட்டால் ஐம்பது லைக் விழும், கமெண்ட் ஒன்றுகூட வராது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

கடைசிநிமிடம்:
அந்தக் கமெண்ட் இல்லை. பாராட்டுகிற கமெண்ட். கடைசி எழுத்து ‘டி’ இல்லை, ‘டி’. ஐயோ, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.

மீனலோசனி:
கேள்வியில் பாதி விவரம் இல்லை. விருது பெறுபவர் என்ன செய்தார்? எத்தனை ஆண்டு? யார் கையால் கொடுக்கிறீர்கள்? அவர் வயது என்ன, கொடுப்பவர் வயது என்ன? பலகையில் பொறிப்பது மட்டும்தானா, மேடையில் வாசிப்பதும் உண்டா?

பழைய சுபேதார்:
யோசிக்கவே வேண்டாம். கமெண்ட் ஒன்று போதும். இராணுவத் தலைமைத் தளபதி கொடுப்பதே கமெண்டேஷன் கார்டுதான். சட்டையில் குத்தும் அந்தச் சின்னத்துக்கு உள்ள மரியாதை தெரியுமா? அதைவிடக் கம்பீரமான சொல் ஆங்கிலத்தில் கிடையாது.

இலக்கணச்சுடர்:
நான்கு வினைச்சொல்லை வரிசையாக அடுக்கிவிட்டு வரிசை கேட்கிறார். இதையெல்லாம் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அகராதி என்று ஒரு பொருள் உண்டு, விலைக்கும் கிடைக்கிறது. லாட் என்பது லத்தீன் சொல். பட்டத்தில் ‘கம் லாடே’ என்று போடுகிறார்களே, அதே வேர். ஆகவே அதுதான் உயர்ந்தது, அதுவே முதலில் வர வேண்டும். அப்ளாட் என்றால் கைதட்டுவது. மேடை நாடகத்துக்கு மட்டுமே பொருந்தும், பலகைக்கு ஆகாது.

மீனலோசனி:
வேர் சரி, முடிவு சரியில்லை ஐயா. கைதட்டல் அந்தச் சொல்லுக்குள் எங்கோ புதைந்துவிட்டது. வெடிப்பதைச் சொல்லும் ‘எக்ஸ்ப்ளோட்’கூட அதே வேர்தான். பிடிக்காத நடிகரைக் கைதட்டி மேடையைவிட்டு விரட்டுவதுதான் அதன் பழைய பொருள். இன்று வெடிகுண்டைப் பார்த்து யாருக்கு நாடகக் கொட்டகை நினைவுக்கு வருகிறது? கேட்ட விவரம் வரட்டும், சொல்கிறேன்.

கடைசிநிமிடம்:
மன்னிக்கவும், அலுவலகத்தில் இருந்தேன். அவர் ஓய்வுபெற்ற செவிலியர், 67 வயது. ஒன்பது ஆண்டுகளாக வாரம் இருமுறை படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போகிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பது, இதையெல்லாம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். வாசகம் செயலாளர் பெயரில் போகும். செயலாளர் நான்தான், எனக்கு 34. பலகையில் பொறிப்போம், தலைவர் மேடையில் வாசிக்கவும் செய்வார். நன்கொடையாளர்கள் சிலர் லண்டனில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் படம் அனுப்புவோம்.

மீனலோசனி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! இப்போது விஷயம் தெளிவாகிறது. வரிசை உங்கள் பிரச்சினையே இல்லை. நான்கும் ஒரே சொல்லின் நான்கு உடுப்பு என்று நினைத்துவிட்டீர்கள். ஒவ்வொன்றும் வேறு இடத்தில் நின்று பேசுகிற சொல்.

கமெண்ட் மேலிருந்து கீழே வருவது. சுபேதார் ஐயா சொன்ன அட்டையே சாட்சி. தளபதி சிப்பாய்க்குக் கொடுப்பார், சிப்பாய் தளபதிக்குக் கொடுக்க மாட்டான். தலைமையாசிரியர் மாணவனையும், நீதிபதி ஒரு காவலரையும் கமெண்ட் செய்யலாம். 34 வயதுக்காரர் 67 வயது அம்மாவை அப்படிச் செய்தால், “நல்லா வேலை பார்க்கிறீங்கம்மா” என்று முதுகில் தட்டின மாதிரி இருக்கும்.

லாட் மூன்றாம் மனிதர் பேசும் சொல். “அவர் பலராலும் லாட் செய்யப்பட்டார்” என்று செய்தித்தாள் எழுதும். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து என்பதால் தலைப்புக்கு வசதி. ‘வி லாட் யூ’ என்று நேரில் பார்த்து யாரும் சொல்வதில்லை, சொன்னால் தேவாலயப் பாட்டு மாதிரி ஒலிக்கும்.

அப்ளாட் பெரும்பாலும் செயலையோ முடிவையோ பார்த்துச் சொல்வது. துணிச்சலை அப்ளாட் செய்யலாம், ஒரு தீர்மானத்தை அப்ளாட் செய்யலாம். அன்றைய சூடு அதில் இருக்கும். மேடையில் வாசிக்க நல்ல சொல், இருபது வருடம் சுவரில் தொங்கப்போகும் பலகைக்குக் கொஞ்சம் சத்தம் அதிகம்.

அக்னாலெட்ஜில்தான் உங்கள் வாக்கியமே உடைகிறது. அதற்குப் பின்னால் அவருடைய பங்களிப்பு வர வேண்டும். நீங்கள் ஆளின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். ஆளை அக்னாலெட்ஜ் செய்வது என்றால், தெருவில் எதிரே வந்தவரைப் பார்த்துத் தலையசைப்பது.

அச்சுக்கூடம்:
பதிவுத் தபாலுக்கு முன்பெல்லாம் ஒரு ஒப்புகை அட்டை வருமே, அதுவும் அக்னாலெட்ஜ்மெண்ட்தான். “தங்கள் சேவை கிடைக்கப்பெற்றோம்” என்று சொல்வதுபோல் ஆகிவிடும் 😄

நான் பலகை பொறிக்கிற கடை வைத்திருக்கிறேன். அளவு என்ன?

கடைசிநிமிடம்:
எட்டுக்குப் பத்து அங்குலம். மேலே சின்னமும் வரும்.

அச்சுக்கூடம்:
அப்படியென்றால் இரண்டு மொழிக்கும் சேர்த்து அறுபது வார்த்தை. அதற்கு மேல் போனால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டும். ஆங்கிலம் தாங்கும், தமிழ் தாங்காது. மை நிரப்பும்போது புள்ளி அடைத்துக்கொண்டு க், ச் எல்லாம் க, ச ஆகிவிடும். நாலு பாராட்டு வார்த்தையில் மூன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தை அவர் செய்த வேலைக்குக் கொடுங்கள்.

பழைய சுபேதார்:
மேலிருந்து கீழே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறக்கட்டளை ஒரு நிறுவனம். நிறுவனம் தனி ஆளைவிடப் பெரியது. செயலாளருக்கு வயது 34 என்றாலும் அவர் கையெழுத்து நிறுவனத்தின் கையெழுத்து. ஆகவே கமெண்ட் தப்பில்லை.

மீனலோசனி:
நியாயம்தான். சம்பளம் வாங்குபவராக இருந்தால் நானும் சரி என்பேன். இவர் சம்பளம் இல்லாமல் வருகிறவர், உங்கள் கட்டளைக்குக் கீழே இல்லை. அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

கொழும்புத்தமிழ்:
இன்னுமொரு ஆபத்தும் இருக்கிறது. நான் படித்த காலத்தில் ஒரு கட்டுரைப் போட்டியில் எனக்கு ‘ஹைலி கமெண்டட்’ என்று சான்றிதழ் தந்தார்கள். அப்பா முதற்பரிசு என்று நினைத்து ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, பரிசு கிடைக்காதவர்களில் நல்லவர் என்று அர்த்தம். பிரித்தானிய வழக்கு அதுதான். லண்டனில் இருப்பவர்கள் பலகையில் ‘கமெண்டட்’ என்று பார்த்தால், “அப்போ முதல் இடம் யாருக்கு?” என்று கேட்கக்கூடும்.

வேலூர்க்காரன்:
‘ஃபெலிசிடேட்’ போடலாமே. எங்கள் ஊர் விழா அழைப்பிதழில் எல்லாம் அதுதான்.

கொழும்புத்தமிழ்:
பொன்னாடை போர்த்துவதற்கு அந்தச் சொல்லைப் பாவிப்பது நம் பக்கத்து வழக்கம். லண்டனில் அதற்கு வாழ்த்துச் சொல்வது என்றுதான் பொருள், அதுவும் அரிதாகத்தான் வரும்.

இலக்கணச்சுடர்:
ஆங்கிலத்துக்கு இவ்வளவு பாடுபடுகிறீர்கள். தமிழில் என்ன போட்டிருக்கிறார் என்று ஒருவராவது கேட்டீர்களா?

கடைசிநிமிடம்:
தமிழில் “மெச்சி, போற்றி, வாழ்த்தி, அங்கீகரிக்கிறோம்”.

இலக்கணச்சுடர்:
நினைத்தேன். மெச்சுவது அரசன் புலவனை. போற்றுவது பக்தன் கடவுளை. ஒரே வரியில் அந்த அம்மாவைக் கீழேயும் இறக்கி, கோபுரத்திலும் ஏற்றிவிட்டீர்கள்.

மீனலோசனி:
இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ‘வாழ்த்தி’யும் சிக்கல். “வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்” என்று மேடைக்கு மேடை கேட்கிறோமே, கமெண்டுக்கு நான் சொன்னதும் அதே கூச்சம்தான்.

வேலூர்க்காரன்:
எங்கள் பாட்டி “உன்னை மெச்சிக்கணும்” என்றால் திட்டுகிறார் என்று அர்த்தம்.

இலக்கணச்சுடர்:
‘பாராட்டு’ என்ற ஒன்றே போதும். வேற்றுமை பாராட்டாமல், நட்பு பாராட்டி என்றெல்லாம் சொல்கிறோமே. ஒன்றைப் பெரிதாகக் கொள்வது என்பதுதான் அடிப்படை. மேல் கீழ் அதில் இல்லை.

பழைய சுபேதார்:
ஏன் இல்லை? என் மேலதிகாரியை நான் பாராட்டினால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

இலக்கணச்சுடர்:
அது அவர் முகத்தின் குறை, சொல்லின் குறை இல்லை.

பழைய சுபேதார்:
சொல் அகராதியில் வாழ்வதில்லை ஐயா, முகத்தில்தான் வாழ்கிறது.

மீனலோசனி:
நீங்கள் இருவரும் பேசிக்கொண்டே இருங்கள், தம்பிக்கு நாளைக் காலைக் கெடு. ‘பாராட்டுகிறோம்’ என்று முடித்தால் சுபேதார் சொல்வது வரும். “இன்னாரின் தொண்டைப் பாராட்டி வழங்கப்படும் விருது” என்று எச்சமாக வைத்தால் ‘நாங்கள்’ மறைந்துவிடும், தொண்டுதான் முன்னால் நிற்கும். ஆங்கிலத்திலும் இதே வேலையை ‘இன் ரெகக்னிஷன் ஆஃப்’ செய்யும். அங்கே வினைச்சொல்லே வேண்டாம், யார் பெரியவர் என்ற கேள்வியும் எழாது.

தமிழ் வாசகம் இப்படி வைத்துப் பாருங்கள்: “ஒன்பது ஆண்டுகளாக வாரம் இருமுறை நோயாளிகளின் வீடு தேடிச் சென்று, படுக்கைப்புண் வராமல் காக்கும் முறையைக் குடும்பத்தாருக்குக் கற்றுத்தந்த”, பெயர், “அவர்களின் தொண்டைப் பாராட்டி வழங்கப்படுகிறது.” பெயர் நீங்கலாக இருபது வார்த்தைக்குள் முடிகிறது. ஆங்கிலத்திலும் ஒன்பது ஆண்டு, வாரம் இருமுறை, வீடு, கற்றுத்தந்தது, இந்த நான்கு மட்டும் வரட்டும். ‘செல்ஃப்லெஸ்’ வேண்டாம், அதை யார் பலகையிலும் போடலாம்.

அச்சுக்கூடம்:
பெயரைத் தனி வரியில், பெரிய எழுத்தில். முதலெழுத்தை அவரிடமே கேட்டு உறுதிப்படுத்துங்கள். அப்பா பெயரா, கணவர் பெயரா என்று தெரியாமல் பொறித்து, மறுபடி பலகை வாங்கியவர்கள் என் கடையில் நிறையப் பேர்.

வேலூர்க்காரன்:
படுக்கைப்புண் என்ற வார்த்தை விருதுப் பலகையில் நன்றாகவா இருக்கும்? வரவேற்பறையில் மாட்டுவார்கள்.

மீனலோசனி:
எனக்கு அதுதான் பலகையிலேயே நல்ல வார்த்தை. ஆனால் அந்த அம்மாவிடம் கேட்டுவிடுவது உத்தமம்.

கடைசிநிமிடம்:
கடைக்குக் கொடுத்தாயிற்று. ஆங்கிலத்தில் ‘இன் ரெகக்னிஷன் ஆஃப்’, தமிழில் ‘பாராட்டி’. முதலெழுத்து தப்பாகத்தான் இருந்தது, நல்லவேளை கேட்டேன். தலைவருக்கு லாட் போனதில் வருத்தம், மேடையில் வாசிக்கும்போது சேர்த்துக்கொள்வேன் என்கிறார். எல்லோருக்கும் நன்றி.

கொழும்புத்தமிழ்:
படுக்கைப்புண் என்ற சொல் இருக்கிறதா, எடுத்துவிட்டீர்களா?

பழைய சுபேதார்:
தம்பி போய்விட்டார் போல.