அப்பாரு வீட்டுக் குழு: கவினின் 30 நொடி

வியாழன், இரவு 8:40

கவின்: சனிக்கிழமை எங்கள் காலேஜில் வேலைவாய்ப்பு முகாம். ஒவ்வொரு மேசையிலும் 30 நொடிதான், அதற்குள் உன்னைப் பற்றிச் சொல்லி முடி என்று பிளேஸ்மென்ட் சார் சொல்லிவிட்டார். ஒரு தடவை பேசிப் பதிவு செய்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். முக்கியமாக நித்யா அக்கா.

கவின்: [வாய்ஸ் நோட் 0:52]

சரசு அத்தை: சனிக்கிழமையா?? அன்றைக்குத்தானே பழனியில் குட்டிக்குக் காதுகுத்து

கவின்: காதுகுத்து ஞாயிறு அத்தை

சரசு அத்தை: ஆமாம் ஞாயிறு. வேனுக்கு யார் சொல்லியிருக்கிறீர்கள்?

பெரியப்பா: கேட்டேன் தம்பி. குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் அப்பா பெயரை அவசரமாக விழுங்கிவிட்டாய், தாத்தா பெயர் வரவே இல்லை. நான் மில்லில் சேரப் போனபோது முதலாளி கேட்ட முதல் கேள்வியே யார் வீட்டுப் பையன் என்பதுதான், பெயரைச் சொன்னதும் உட்காரச் சொன்னார். அதனால் குடும்பம், ஊர், பத்தாவது மார்க், பன்னிரண்டாவது மார்க், பொழுதுபோக்கு என்று வரிசையாகச் சொல்லு. நிறுத்தி நிதானமாகச் சொன்னால்தான் மரியாதை.

ராஜு மாமா: மார்க்கெல்லாம் ரெஸ்யூமேயிலேயே இருக்கும் மச்சான். சிரித்த முகம், நேராகக் கண்ணைப் பார்த்துப் பேச்சு, நல்ல இங்கிலீஷ், போதும். கவின், அப்படியே மனப்பாடம் பண்ணிவிடு. தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும்.

சரசு அத்தை: எந்தச் சட்டை போடப் போகிறாய் கண்ணு

நித்யா: இப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். கேட்டேன் கவின். மொத்தம் 52 நொடி. உன் பெயர், அப்பா பெயர், ஊர், பள்ளிக்கூடம், இதற்கே 20 நொடி போய்விட்டது. ஃபவுண்டரியில் மூன்று வாரம் செய்த வேலை கடைசியில் வருகிறது, அதையும் ‘இன்டர்ன்ஷிப் முடித்திருக்கிறேன்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய்.

நித்யா: போன வருஷம் எங்கள் கம்பெனிக்காக ஒரு முகாமில் மேசையில் உட்கார்ந்தேன். காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வரிசை குறையவே இல்லை. ஒவ்வொருவரும் பேசப் பேச ரெஸ்யூமேயின் மேல் மூலையில் பென்சிலால் இரண்டு வார்த்தை எழுதி வைப்பேன். சாயங்காலம் அந்தக் கட்டைப் பிரிக்கும்போது முகம் ஒன்றும் ஞாபகம் இருக்காது, அந்த இரண்டு வார்த்தைதான் இருக்கும். கடின உழைப்பாளி என்று யாருக்கும் எழுதவில்லை, எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் ‘வெல்டிங் ஜிக்கை மாற்றினோம், ஒரு பீஸுக்கு நாலு நிமிஷம் மிச்சமானது’ என்றாள். ‘ஜிக், 4 நிமிஷம்’ என்று எழுதினேன். உன் மூலையில் நான் என்ன எழுத வேண்டும், முதலில் அதை முடிவு செய்.

கவின்: மண் ஈரம்?

நித்யா: அதேதான்! என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்லு

அப்பாரு: எந்தப் பக்கம் மழை

சரசு அத்தை: மழை இல்லைங்கய்யா, கவின் வேலை பார்த்த பட்டறை மண்

கவின்: பம்ப் வார்ப்படத்தில் காற்றுக்குழி விழுந்து நூற்றுக்கு எட்டு பீஸ் கழிந்துகொண்டிருந்தது. அச்சு மண்ணில் தண்ணீர் கூடினால் உலோகத்தை ஊற்றும்போது ஆவி கிளம்பி, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே குழி விழும். ஷிஃப்டுக்கு மூன்று தடவை 50 கிராம் மண் எடுத்துக் காயவைத்து மறுபடி எடை போட்டேன். மற்ற நேரத்தில் 48 கிராமுக்குப் பக்கத்தில் நின்றது, அதாவது 4 சதவீதம் ஈரம். காலையில் மட்டும் 47. ராத்திரி மண் காய்ந்திருக்கும் என்று கண் மதிப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அளந்து ஊற்ற ஆரம்பித்தபின் கழிவு ஐந்துக்கு வந்தது.

நித்யா: இதைச் சொல்லாமல் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாயே! அளந்தது நீ, தண்ணீரைக் குறைத்தது மேஸ்திரி இல்லையா? அதை அப்படியே சொல்லு. ‘நான் குறைத்தேன்’ என்றால் அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஐந்து ஆனது எத்தனை நாள் கணக்கு?

கவின்: கடைசி ஆறு நாள்தான் அக்கா

நித்யா: கேட்டால் ஆறு நாள் என்றே சொல்லிவிடு. இப்போது தமிழில் எழுதி இங்கேயே போடு, அங்கே இங்கிலீஷில் சொல்லிக்கொள்ளலாம். இங்கிலீஷில் 70, 75 வார்த்தைக்குமேல் போனால் 30 நொடிக்குள் அடங்காது.

பெரியப்பா: அப்பா பெயரைச் சொல்ல என்ன வெட்கம்?

நித்யா: வெட்கம் இல்லைப்பா. பக்கத்து மேசையில் ஒருவர் பேசுவார், மேலே மைக் கத்தும், என் காதில் விழுவதே பாதிதான். அந்தப் பாதியில் வேலை இருக்கட்டும் என்கிறேன்.

பெரியப்பா: சரி. இப்போதெல்லாம் அப்படித்தான் போலிருக்கிறது.

முருகேசன் (கவின் அப்பா): என் பெயர் வேண்டாம் விடுங்கள் அண்ணா. அந்தப் பட்டறையில் அவனுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது நீங்கள்தான், அதை இந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை.

பெரியப்பா: நான் அதற்காகச் சொல்லவில்லை முருகேசா

சரசு அத்தை: இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசிக்கொள்ளுங்கள். வேனில் ஒரே வரிசையில் உட்கார வைக்கிறேன்.

கவின்: எழுதிவிட்டேன்.
“வணக்கம், என் பெயர் கவின். மெக்கானிக்கல் இறுதி ஆண்டு. பம்ப் வார்ப்படப் பட்டறையில் மூன்று வாரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். அங்கே காற்றுக்குழியால் நூற்றுக்கு எட்டு பீஸ் கழிந்தது. ஷிஃப்டுக்கு மூன்று முறை மண்ணின் ஈரத்தை அளந்தேன், காலையில் மட்டும் கூடுவது தெரிந்தது. தண்ணீரை அளந்து ஊற்றச் சொன்னேன், கழிவு ஐந்தானது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்ய விரும்புகிறேன். உங்கள் ஆலையில் புதிதாகச் சேர்பவர்களை முதலில் எங்கே போடுவீர்கள்?”

ராஜு மாமா: அருமை. இதை அட்சரம் பிசகாமல் மனப்பாடம் பண்ணு.

நித்யா: கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னீர்களே மாமா, அது சரி. மனப்பாடம் வேண்டாம். இரண்டாவது வரியிலேயே நான் குறுக்கே புகுந்து ‘எந்தப் பட்டறை’ என்று கேட்பேன். ஒப்பிக்கிற பையன் அங்கேயே நின்றுவிடுவான், இல்லையென்றால் மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பிப்பான். எட்டு, ஈரம், ஐந்து, கேள்வி. இந்த நாலு மட்டும் தலையில் இருந்தால் எங்கே வெட்டினாலும் தொடரலாம். கேள்வியைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடு, அவர்கள் பேசட்டும்.

கவின்: மூன்றாம் செமஸ்டரில் ஒரு அரியர் இருந்தது, அப்புறம் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டேன். அதைச் சொல்லணுமா அக்கா?

நித்யா: இந்த 30 நொடியில் வேண்டாம். கேட்டால் தயங்காமல் ‘ஒன்று இருந்தது, முடித்துவிட்டேன்’ என்று சொல்லு. ஃபார்மில் மட்டும் மறைக்காதே. சில கம்பெனி இப்போது அரியர் இருக்கக் கூடாது என்று மட்டும் பார்க்கும், சில கம்பெனி எப்போதுமே இருந்திருக்கக் கூடாது என்று கேட்கும். மேசைக்குப் போவதற்கு முன்பே அறிவிப்பைப் படித்துவிடு.

அம்மா: சாஃப்ட்வேர் கம்பெனி மேசைக்கும் போகச் சொல்லு நித்யா. சம்பளம் அங்கேதானே

கவின்: அம்மா…

நித்யா: போகலாம் சித்தி, ஆனால் இதையே அங்கே சொன்னால் ஃபவுண்டரிக்குப் போ என்பார்கள். அளந்ததை எக்செலில் போட்டாயா கவின்?

கவின்: போட்டேன், நேரவாரியாக வரைபடம்கூட இருக்கிறது

நித்யா: அப்படியென்றால் அங்கே கணக்கைப் பிரித்துப் பார்த்ததைத்தான் முன்னால் வைக்கணும். கடைசி இரண்டு வரியும் மாறும். எப்படி எழுதுவது என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை, நான் அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை. நாளைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் கூப்பிடு.

அம்மா: அது முக்கியம் கவின், விட்டுவிடாதே

கவின்: [வாய்ஸ் நோட் 0:34]

நித்யா: இன்னும் நாலு நொடி. ‘மூன்று வாரம்’ என்பதை எடுத்துவிடு, ரெஸ்யூமேயில் இருக்கிறது.

அப்பாரு: பையன் நன்றாகப் பேசுகிறான். மண் விஷயம் புரிந்தது.

சரசு அத்தை: வேனில் 14 பேர்தான் உட்காரலாமாம். நித்யா நீ ஓசூரிலிருந்து வருகிறாயா இல்லையா? இன்னும் சட்டை என்னவென்று யாரும் சொல்லவில்லை